மூன்று வட்டமும் பத்து நிமிட போனும்

தம்பி வெள்ளைப் பலகையில் வரைந்ததைப் பார்த்ததும் கணக்கு டீச்சருக்கு முதலில் பட்டது, அது வட்டமாக இல்லை என்பதுதான். முட்டைக்குள் முட்டை, அதற்குள் இன்னொரு முட்டை. திருத்தக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள்.

அவன் இரண்டு நாள் வியாபாரப் பயிற்சிக்குப் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தான். நடுவில் இருந்த முட்டையில் ‘ஏன்’ என்று எழுதினான். அடுத்ததில் ‘எப்படி’. வெளியே இருந்ததில் ‘என்ன’. எல்லாக் கடைக்காரனும் வெளியிலிருந்து உள்ளே பேசுகிறான், என்ன விற்கிறேன் என்று ஆரம்பிக்கிறான் என்றான். ஜெயித்த கம்பெனிகள் உள்ளிருந்து வெளியே வருகின்றனவாம். எதற்காக இந்த வேலையைச் செய்கிறோம் என்பதை முதலில் சொன்னால் கேட்பவன் மனசு இளகிவிடுமாம். பொருளைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி போதுமாம்.

டயர்க்கடைக்கு மேலே இரண்டு அறை. இரும்புப் படி. கீழே காற்று அடிக்கும் சத்தமும் ரப்பர் வாடையும் எப்போதும் உண்டு. முதல் அறையில் ஆறு வருடமாகக் கணக்கு டியூஷன் நடக்கிறது, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். இரண்டாவது அறையை நான்கு மாதத்துக்கு முன்பு பிடித்து அறிவியலை ஆரம்பித்தார்கள். அதில் சேர்ந்தது நான்கே பேர்.

அறிவியல் டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. அப்பா படுக்கையில், அம்மா அவரைப் பார்த்துக்கொள்வதில். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்கு வேலை வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் மறைக்கவில்லை. கடிதத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். “பன்னிரண்டு பிள்ளை வந்தா இங்க இருக்கேங்க்கா. வரலைன்னா போகணும். வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும்” என்றாள். பன்னிரண்டுக்குக் குறைந்தால் அவளுக்குக் கொடுப்பது கட்டுப்படியாகாது என்று கணக்கு டீச்சருக்கும் தெரியும். அவள் போனால் இரண்டாவது அறையை மூட வேண்டியதுதான். அப்படி ஒரு ஆள் மறுபடி கிடைக்கமாட்டாள்.

அன்று ஒன்றாம் தேதி. அதனால்தான் தம்பியின் முட்டைகளை நான்கு பேரும் உட்கார்ந்து கவனித்தார்கள். நான்காவது ஆள் போனக்கா. பேக்கிங் கம்பெனியில் கணக்கு டீச்சரோடு ஒரே வரிசையில் நின்று பெட்டி ஒட்டியவள். இப்போது வருகைப் பதிவும் போனும் அவள் பொறுப்பு. கட்டைவிரல் நகம் பெட்டி நாடாவில் தேய்ந்து வளராமலே நின்றுவிட்டது. அந்த விரலால்தான் எண்களைக் குத்துவாள்.

“உள்வட்டம் மூளையோட பழைய பகுதிகிட்டப் பேசுது. அங்கதான் முடிவு எடுக்குறாங்க. வெளிவட்டம் பேச்சுப் பகுதிகிட்டப் பேசுது” என்று தம்பி பயிற்சிக் குறிப்பைப் பார்த்துச் சொன்னான்.

“மூளை அப்படி மூணு வளையமா இருக்காது தம்பி” என்றாள் அறிவியல் டீச்சர். “ஒரு முடிவு எடுக்கும்போது எல்லாப் பகுதியும் சேர்ந்துதான் வேலை செய்யும். பத்தாம் வகுப்புப் பையன் இப்படி எழுதினா நான் சிவப்பு மையில அடிச்சுவிடுவேன்.”

தம்பி சிரித்தான். அவன் முட்டாள் இல்லை. சோப்புத்தூள் விற்பனையில் எட்டு வருடம் கடை கடையாக ஏறி இறங்கியவன். இப்போது அக்காவின் டியூஷனுக்குப் பிள்ளை சேர்ப்பது அவன் வேலை. வெயிலில் செருப்புத் தேய்ந்தவனுக்கு, நின்ற இடத்திலிருந்தே ஆளை இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றத்தான் செய்யும்.

“சரி அக்கா. நீ சொல்லு. எதுக்கு இதை ஆரம்பிச்ச?”

கணக்கு டீச்சர் சொன்னாள். ஏழாம் வகுப்பில் மார்க் வரிசைப்படி உட்கார வைத்தார்கள். இவள் கடைசி பெஞ்ச். அப்பா கல் உடைக்கப் போவார். இவளும் விடுமுறையில் சல்லி கூடையில் அள்ளுவாள். கையில் காப்பு காய்த்த பிள்ளை கடைசி பெஞ்சில்தான் இருக்கும் என்று வாத்தியாரும் நினைத்தார், இவளும் நினைத்தாள். மூன்று வருடம் ஒரு சந்தேகம் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடுமே. பத்தாம் வகுப்பில் கணக்கில் போய்விட்டது. பேக்கிங் கம்பெனிக்குப் போனாள். தனியாகப் படித்துத் தேறி, பட்டமும் வாங்கி, இந்தப் படியேறும்போது முப்பத்தைந்து வயது.

போனக்காவுக்கு இது தெரியும். மற்ற இருவருக்கும் பாதிதான் தெரியும்.

“இதுதான்க்கா” என்று தம்பி பலகையில் எழுதினான். ‘தெரியாது என்று சொல்ல எந்தப் பிள்ளையும் வெட்கப்படக் கூடாது.’

அந்த வரி பொய்யில்லை. அதனால்தான் யாரும் மறுக்கவில்லை.

ஒரே வாரத்தில் எல்லாம் மாறியது. வாசலில் இருந்தது மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, பெரிதாக ஒரு போன் எண். கணக்கு, ஆறு முதல் பத்தாம் வகுப்பு, மாலை ஐந்து முதல் ஏழு. அதைக் கழற்றினார்கள். அதே இடத்தில் மாட்டிய வெள்ளைப் பலகையில் அந்த ஒரு வரி ஏறியது. கீழே சின்னதாகப் புதுப் பெயர். வகுப்பும் நேரமும் பலகையில் இல்லை, அது வெளிவட்டமாயிற்றே. நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு துணிப்பை. பையின் முதுகிலும் அதே வரி.

டயர்க்கடைக்காரர் மாடிக்கு வந்து பலகையில் இருந்த முட்டைகளைப் பார்த்தார். கணக்கு டீச்சர் வயதுதான் அவருக்கு. வாடகை வாங்க வந்தாலும் வம்பு பேசாமல் இறங்கமாட்டார்.

“என்ன தம்பி, டயர் படமா?”

தம்பி விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உள்ள இருக்குறது அச்சு. சரி. ஆனா ரோட்டுல படுறது வெளிய இருக்குற ரப்பர்ப்பா. அச்சை மட்டும் மாட்டி அனுப்பினா வண்டி என் வாசல்கூடத் தாண்டாது” என்றார். இறங்கும்போது இன்னொன்றையும் சொன்னார். “காலையில ரெண்டு பேர் வந்து, டயர்க்கடை மாடி டியூஷன் எங்க, மஞ்சப் பலகையைக் காணோமேன்னு என்கிட்டக் கேட்டாங்க. மூடிட்டீங்கன்னு நினைச்சிட்டாங்க.”

தம்பி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுசு பழக நாளாகும் என்றான்.

பதினைந்தாம் தேதிவரை அறிவியலுக்கு ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. போன் வந்தது. ஒரு பெரியவர், இங்கே மனநலப் பயிற்சி தருகிறீர்களா என்று கேட்டார். ஒரு அம்மா, கூச்சப்படும் பிள்ளைக்கு மேடைப்பேச்சு சொல்லித்தருவீர்களா என்றாள். கணக்கும் அறிவியலும் என்று போனக்கா சொன்னதும் இருவரும் மரியாதையாக வைத்துவிட்டார்கள்.

“தம்பி, நம்ம பலகையைப் பாத்துட்டு எல்லாரும் வர்றாங்க. நம்மகிட்டப் படிக்கத்தான் யாரும் வரலை” என்றாள் போனக்கா.

பதினாறாம் தேதி மாலை கணக்கு டீச்சர் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் பிள்ளைகள் இறங்கினார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கணக்கில் நன்றாகவே போடுகிறவள், பையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பித் தோளில் போட்டிருந்தாள். தையல் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவளும் அப்படியே. எண்ணிப் பார்த்தாள். இறங்கியவர்களில் ஒன்பது பேர் பையைத் திருப்பியிருந்தார்கள். மற்றவர்கள் பையைக் கொண்டுவரவே இல்லை.

படியேறி வந்த பெண்ணை நிறுத்திக் கேட்டாள். அந்தப் பெண் தரையைப் பார்த்தது. இங்கேதான் எதையும் கேட்கலாமே, சொல்லு என்றாள் டீச்சர்.

“ஸ்கூல்ல எங்களைத் ‘தெரியாது பார்ட்டி’ன்னு கூப்பிடுறாங்க டீச்சர்” என்றது பெண்.

டீச்சர் அந்தப் பையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஏழாம் வகுப்புக் கடைசி பெஞ்ச். அதைத்தான் தன் கையாலேயே துணியில் அச்சடித்து நாற்பத்திரண்டு பிள்ளைகள் முதுகில் ஏற்றியிருக்கிறாள். அந்த வரி அவளுக்கு மருந்து. சுமக்கிற பிள்ளைக்கு அது முத்திரை. தான் எதற்காக ஆரம்பித்தோம் என்று யோசித்தபோது, அதை யார் சுமப்பார்கள், பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று யாருமே கேட்கவில்லை. மூன்று முட்டையிலும் அதற்கு இடம் இல்லை. மூன்றுமே சொல்கிறவனைப் பற்றியவை. வாங்குகிறவன் ஒரு வட்டத்திலும் இல்லை. அதிலும் இந்தத் தொழிலில் வாங்குகிறவர் ஒருவர், படிக்கிறவர் ஒருவர்.

அன்றைக்கே எல்லாப் பைகளையும் திருப்பித் தரச் சொல்லிவிட்டாள். தம்பியைத் திட்டவில்லை. அந்த வரிக்கு அவளும்தான் தலையாட்டினாள்.

மறுநாள் மதியம் நான்கு பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். தம்பி முகம் வாடியிருந்தது. பயிற்சியில் காட்டிய பெரிய கம்பெனிகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னான். எல்லாருக்கும் ஒரு ‘ஏன்’ இருந்ததே என்றான்.

அறிவியல் டீச்சர் கேட்டாள். “அதே மாதிரி ஏன் வெச்சிருந்து மூடிட்டுப் போன கம்பெனி எத்தனை? அதை எண்ணினாங்களா?”

“அதைப் பத்திச் சொல்லலை.”

“அப்ப அந்தக் கணக்குல பாதிதான் இருக்கு. முளைச்ச செடியை மட்டும் பாத்துட்டு, இந்த உரம்தான் காரணம்னு சொல்ற மாதிரி. முளைக்காத விதைக்கும் அதே உரம் போட்டிருந்தா? ஜெயிச்சவனைப் பின்னாடி போய்க் கேட்டா எல்லாரும் அழகா ஒரு ஏன் சொல்வாங்க. ரெண்டு தெரு தள்ளி டியூஷன் வெச்சிருக்கானே, அவன் போர்டைப் பாத்தீங்களா? ‘ஒவ்வொரு குழந்தையும் தனி.’ நம்ம வரியும் அவன் வரியும் இடம் மாத்தி மாட்டினா யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

வேலை போகப்போகிறவள் அவள்தான். அவள் பேச்சில்தான் பதற்றமே இல்லை. இரண்டு காரியம் செய்யலாம் என்றாள். ஒன்று, இப்போது படிக்கிற பிள்ளைகளின் வீட்டில் கேட்பது. ஏன் எங்களைப் பிடிக்கும் என்று கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். எந்த நாளில், என்ன நடந்தபோது டியூஷன் தேடினீர்கள் என்று கேட்க வேண்டும். இரண்டாவது, துண்டுச்சீட்டு இரண்டு மாதிரி. ஒன்றில் அந்த வரி முதலில். மற்றதில் பாடம், வகுப்பு, நேரம், இடம் முதலில். இரண்டிலும் வேறு வேறு போன் எண். ஒரே கடைகளில், ஒரே எண்ணிக்கையில் வைக்க வேண்டும்.

தம்பிக்கு உயிர் வந்தது. கடை ஏறி இறங்குவது அவனுக்குக் கைவந்த வேலை. ஒன்று மேலே ஒன்று கீழே என்று கடைக்காரர்கள் வைத்துவிடுவார்களே என்று அவனே யோசித்து, பாதிக் கடையில் இதை இடதுபுறம், மீதிக் கடையில் அதை இடதுபுறம் வைத்தான்.

போனக்கா வீடு வீடாகக் கூப்பிட்டாள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை சேர்ந்து படிப்பதால் முப்பத்தொரு வீடு. கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு வந்து படித்தாள்.

பதினோரு வீட்டில் அம்மாவுக்கு ஷிப்ட் மாறிய நாளில் தேடியிருக்கிறார்கள். தையல் ஆலையிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்பவர்கள். மாலை ஐந்து மணிக்கு வீட்டில் ஆள் இல்லை. ஒன்பது வீட்டில் மார்க் சீட்டு வந்த நாள். ஆறு வீட்டில் சொந்தக்காரப் பிள்ளை ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. மூன்று பேருக்கு பஸ் நிறுத்தம் பக்கம். இரண்டு அப்பாக்கள் கீழே பஞ்சர் ஒட்ட வந்து, நிமிர்ந்து மஞ்சள் பலகையைப் பார்த்திருக்கிறார்கள்.

“அந்த வரியை ஒருத்தர்கூடச் சொல்லலையா?” என்றான் தம்பி.

“சொல்லலை. ஆனா ஒருத்தி, ‘என் பொண்ணு ஸ்கூல்ல வாயே திறக்கமாட்டா, இங்க மட்டும் கேள்வி கேக்குறாளாம்’னு சொன்னா. அது அந்த வரிதானே? எழுதாமலே போய்ச் சேர்ந்திருக்கு.” போனக்கா பக்கத்தைத் திருப்பினாள். “இன்னொண்ணு. வேற இடத்துக்கு மாத்தாம ஏன் இங்கயே விட்டிருக்கீங்கன்னு நானாக் கேட்டேன். பத்தொன்பது வீட்டுல ஒரே பதில். போன்.”

யாருக்கும் முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

ஐந்து மணிக்கு வகுப்பு. ஐந்து பத்துக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்கு போனக்கா கூப்பிடுவாள். ஆறு வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை. அதற்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. முதல் வருடம் ஒரு பெண் வீட்டிலிருந்து கிளம்பி, இங்கே வராமல், பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மாவுக்குத் தெரியாது, இவர்களுக்கும் தெரியாது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அம்மா ஆலை உடையோடு ஓடிவந்து நின்ற நிலையைப் பார்த்த போனக்கா, மறுநாளிலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை. எந்த அறிவிப்பிலும் எழுதவில்லை. ஆலைக்குள் நிற்கிற பெண்ணுக்கு ஐந்து பத்துக்கு போன் வரவில்லை என்றால் பிள்ளை பத்திரம். வராத போனைத்தான் அவர்கள் ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இது எந்த வட்டத்துல வருது தம்பி?” என்று கேட்டாள் கணக்கு டீச்சர்.

“நடுவட்டம்னு சொல்லலாம். எப்படி.” அவன் கன்னத்தைச் சொறிந்தான். “ஆனா இது ஏன்ல இருந்து வரலையே. முதல்ல ஏன், அப்புறம்தான் எப்படின்னு சொன்னாங்க. இது பயத்துல வந்த பழக்கம்.”

துண்டுச்சீட்டுகள் ஐந்து நாள் இருந்தன. பாடத்தை முதலில் சொன்ன எண்ணுக்குப் பதினான்கு போன். அந்த வரியை முதலில் சொன்ன எண்ணுக்கு மூன்று. பதினேழு போனை வைத்து உலகத்தைத் தீர்மானிக்க முடியாது என்று அறிவியல் டீச்சர் எச்சரித்தாள். ஆனால் அந்த மூன்றைப் பற்றிப் போனக்கா சொன்னபோது அவளே சிரித்துவிட்டாள். ஒன்று தவறான எண். மற்ற இரண்டும் வேலை கேட்டு வந்த டீச்சர்கள். இப்படி நினைக்கிற இடத்தில் வேலை செய்ய ஆசை என்றார்களாம்.

“நம்பிக்கையைச் சொன்னா ஆள் வரும்னாங்க” என்றான் தம்பி. “வந்தது ஆள்தான். இருக்குற டீச்சரையே வெச்சுக்க வழி இல்லாத இடத்துக்கு.”

“சிரிக்காதீங்க” என்றாள் அறிவியல் டீச்சர். “நானும் அப்படி வந்தவதான். இன்டர்வியூல அக்கா என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. பிள்ளை ஒரு கேள்வி கேட்டு, அதுக்கு உனக்கே பதில் தெரியலைன்னா என்ன சொல்வன்னு. தெரியாது, நாளைக்குப் பாத்துட்டு வரேன்னு சொல்வேன்னேன். உடனே வேலை குடுத்துட்டாங்க.”

பதினான்கில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஆறு ஆயிற்று. அன்று இருபத்திரண்டாம் தேதி.

இருபத்துநான்காம் தேதி ஒருவர் படியேறி வந்தார். கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்து அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். அவர்கள் குடியிருப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர், எல்லாம் நல்ல மார்க். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தவர் ஊர் மாறிவிட்டார். ஆறு பேரையும் நாளைக்கே அனுப்புகிறேன் என்றார். தம்பி மேஜைக்கு அடியில் விரல் மடக்கினான். ஆறும் ஆறும் பன்னிரண்டு.

இரண்டு நிபந்தனை இருந்தது. வாராவாரம் தேர்வு வைத்து மார்க் வரிசையைச் சுவரில் ஒட்ட வேண்டும். அந்த வரிசைப்படிதான் உட்கார வைக்க வேண்டும். “போட்டி இருந்தாத்தானே படிப்பாங்க” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் அப்படித்தான் படித்து மேலே வந்தவர். முதல் பெஞ்சில் உட்கார்ந்தவருக்குக் கடைசி பெஞ்ச் எப்படித் தெரியும்?

கணக்கு டீச்சர் பலகையைப் பார்த்தாள். முட்டைகளைத் துடைத்து நாளாகிவிட்டது. பிறகு அறிவியல் டீச்சரைப் பார்த்தாள். அவள் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் வேலையை முடிவு செய்கிற வார்த்தை இன்னொருத்தி வாயில் இருந்தது.

“தேர்வு வைப்போம் சார். மார்க்கை அவங்கவங்க வீட்டுக்குச் சொல்வோம். சுவத்துல ஒட்டமாட்டோம். வரிசையா உக்கார வைக்கமாட்டோம்.”

“எல்லா இடத்துலயும் செய்யுறாங்களேம்மா.”

“செய்யட்டும் சார். இங்க முடியாது.”

அவர் கோபப்படவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் முழுசாக இறங்கியது.

“அக்கா, பன்னிரண்டு” என்றான் தம்பி.

“தெரியும்டா. எனக்கும் கூட்டல் வரும்.” டீச்சர் அறிவியல் டீச்சர் பக்கம் திரும்பினாள். “உன்னைக் கேக்காமச் சொல்லிட்டேன்மா. தப்புதான்.”

“கேட்டிருந்தா நான் என்ன சொல்வேன்னு எனக்கே தெரியாதுக்கா” என்றாள் அவள். பதிவேட்டை மூடிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

தம்பி பிறகு தானாகவே சொன்னான். பலகையில் போட்டபோது அந்த வரி ஒரு பிள்ளையையும் கூட்டிவரவில்லை. இப்போது ஆறு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டது. விற்கிறதுக்கு ஆகாது, விலை போகாமல் இருக்கிறதுக்கு ஆகும்போல என்றான். அவன் குரலில் கசப்பும் இருந்தது, கொஞ்சம் மரியாதையும் இருந்தது.

ஆனால் ஆறு நாள் மீதி இருந்தது. போனக்காவின் நோட்டில் முதல் வரி ஷிப்ட். தையல் ஆலையில் அடுத்த மாத ஷிப்ட் பட்டியலை இருபத்தைந்தாம் தேதி வாசலில் ஒட்டுவார்கள். அவளும் கணக்கு டீச்சரும் அந்த மாதிரி வாசலில் எத்தனையோ முறை தங்கள் பெயரைத் தேடி எக்கி நின்றவர்கள்தான். தன் பெயருக்கு நேரே மதிய ஷிப்ட் என்று பார்க்கிற பெண்ணுக்கு முதலில் வருகிற எண்ணம், அஞ்சு மணிக்குப் பிள்ளை எங்கே இருக்கும் என்பதுதான். துண்டுச்சீட்டு மளிகைக் கடையில் இருப்பதைவிட அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே புதுச் சீட்டு எழுதினார்கள். மஞ்சள் தாள், கறுப்பு எழுத்து. ‘டயர்க்கடை மாடி டியூஷன். கணக்கு, அறிவியல், ஆறு முதல் பத்து. மாலை ஐந்து முதல் ஏழு. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. பிள்ளை வராவிட்டால் ஐந்து பத்துக்கு உங்களுக்கு போன் வரும்.’ கீழே எண். தம்பி கடைசியில் அந்த வரியையும் சேர்க்கலாமா என்று கேட்டான். இடம் இல்லை என்றாள் போனக்கா. உண்மையிலேயே இடம் இல்லை.

பழைய மஞ்சள் பலகை டயர்க்கடையின் பின்னால் கிடந்தது. டயர்க்கடைக்காரர் அதன்மேல் டியூபைக் காயப்போட்டிருந்தார். துடைத்து, அறிவியல் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து ஏற்றினார்கள். “வந்துட்டியா மகராசி” என்று அவர் பலகையைப் பார்த்துச் சொன்னார்.

தம்பி இரண்டு நாள் ஆலை வாசலிலும் ஆஸ்பத்திரிப் பின்வாசலிலும் நின்றான். மறுபடி வெயில், மறுபடி செருப்பு. போன் வர ஆரம்பித்தது. கேட்டவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விதான் கேட்டார்கள். நிஜமா போன் பண்ணுவீங்களா?

இருபத்தெட்டில் எட்டு. இருபத்தொன்பதில் ஒன்பது. முப்பதாம் தேதி மதியம் ஒரு ஆஸ்பத்திரி ஆயா மகளைக் கொண்டுவந்து சேர்த்தாள். பத்து. அதன்பிறகு போன் அடிக்கவில்லை.

மாலை நாலரைக்கு அறிவியல் டீச்சர் வந்தாள். கைப்பையில் பள்ளிக்கூடத்துக் கடிதம் இருந்தது. ஐந்து மணிக்கு அவர்கள் அலுவலகம் மூடும். பதிவேட்டில் பத்துப் பெயரையும் விரல் வைத்துப் படித்தாள்.

“பத்துதாங்க்கா.”

“பத்துதான்மா. நீ சொன்னது பன்னிரண்டு. நான் தடுக்கமாட்டேன்.” கணக்கு டீச்சரின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“ஷிப்ட் பட்டியல் அடுத்த மாசமும் ஒட்டுவாங்கல்ல?”

“மாசாமாசம் ஒட்டுவாங்க. இந்த மாசம் மதிய ஷிப்ட் பாக்குற பாதிப் பேர் அடுத்த மாசம் மாறிடுவாங்க. வேற பாதி வரும்.”

“அதுல நம்ம பிள்ளைங்க போயிடவும் வாய்ப்பு இருக்கு.”

“இருக்கு.”

அவள் அதைத்தான் கேட்க விரும்பினாள்போல. இல்லை என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பாள். ஜன்னலுக்குப் போய், பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டு, வரமுடியாது, நன்றி என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். “அன்னைக்கு நீங்க ஒட்டமாட்டேன்னு சொன்னதுக்கு அப்புறம், அந்த ஸ்கூல் பக்கம் ஒருதடவை போய்ப் பாத்தேங்க்கா. வாசல்லயே ராங்க் லிஸ்ட் தொங்குது” என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இங்கே கிடைக்கும். வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்வாள் என்று கணக்கு டீச்சர் கேட்கவில்லை. கேட்டால் தானும் ஏதாவது சொல்ல வேண்டும்.

ஐந்து மணிக்கு இரண்டு அறையிலும் வகுப்பு தொடங்கியது. கணக்கு அறையில் முப்பத்துமூன்று பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பத்துக்குப் போனக்கா பட்டியலோடு உட்கார்ந்தாள். அன்று கணக்கில் ஐந்து பேர் வரவில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி போனை வைக்க விடாமல் காது கேட்காமல் பேசிக்கொண்டிருந்தாள்.

அறிவியல் அறையில் ஒன்பது தலைதான் இருந்தது. மதியம் சேர்ந்த ஆயாவின் மகளைக் காணோம்.

அறிவியல் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து பன்னிரண்டு. சுவரில் தொங்கிய எண்களின் பட்டியலை எடுத்து, தன் போனில் தானே எண்களை அழுத்தினாள். ஒன்பது பிள்ளைகளும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை, இரண்டுமுறை மணி அடித்தது. ஆஸ்பத்திரிச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் மூச்சு வாங்கிக்கொண்டு பேசியது.

“டயர்க்கடை மாடியில இருந்து அறிவியல் டீச்சர் பேசுறேம்மா” என்றாள். “பாப்பா இன்னும் வரலை. அங்க இருக்காளா?”

அங்கேதான் இருந்தாள். வழி மறந்து அம்மாவிடமே திரும்பிப் போயிருந்தாள். இதோ வாசல்வரைக்கும் நானே கொண்டுவந்து விடுகிறேன் டீச்சர் என்றாள் அந்த அம்மா.

“மஞ்சப் பலகையைப் பாத்து வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, டீச்சர் பலகைக்குத் திரும்பிப் பாடத்தை ஆரம்பித்தாள்.